நாற்று இவ்வளவுதான்: முடி நடுவதற்கு முன் காட்டும் படத்தில் எவ்வளவு உண்மை இருக்க வேண்டும்?

ஹேர் டிரான்ஸ்ப்ளான்ட் செய்ய வருபவர்களில் பலர் கையில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். மொபைல் ஆப்பில் தன் முகத்தைக் கொடுத்து எடுத்த படமாக இருக்கும், இல்லையென்றால் வேறொரு கிளினிக்கில் 'சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் இப்படி இருப்பீர்கள்' என்று போட்டுக் கொடுத்த படமாக இருக்கும். நெற்றியில் கோடு போட்டது போல நேரான முடி, பக்கவாட்டில் மூலை எதுவும் இல்லை, தலைத்தோல் ஒரு புள்ளிகூடத் தெரியாது. "சார், இந்த மாதிரி வந்துடுமா?" என்று கேட்பார்கள்.

நான் மருத்துவர் அல்ல. கோவையில் ஒரு கிளினிக்குக்கு இந்தப் ப்ரிவியூ படங்களைத் தயாரிக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அப்படிப்பட்ட படங்களைத்தான் போட்டேன். பிரஷ்ஷை எடுத்தோம், கறுப்பை அடித்தோம், ஆள் சந்தோஷமாகப் போனார். பிறகு அங்கே இருந்த சர்ஜன் ஒரு படத்தைக் காட்டி, "இதுல எத்தனை கிராஃப்ட் வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. அது என்ன கணக்கு என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

## நாற்றங்காலும் வயலும்

நெல் நடவு பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வயலில் குத்துக் குத்தாக நடுகிறோம். முடி நடவும் அப்படியே. தலையின் பின்பக்கமும் காதுகளுக்கு மேலுள்ள பட்டையும்தான் நாற்றங்கால். கிளினிக்கில் இதை டோனர் பகுதி என்பார்கள். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை பெரும்பாலும் இந்தப் பட்டையைத் தொடுவதில்லை. முழுச் சொட்டை விழுந்த தாத்தாவுக்கும் பிடரியில் குதிரை லாடம் போல முடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி, இடம் மாறினாலும் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை விளக்கியது. இன்று வரை இந்தச் சிகிச்சை அதன் மேல்தான் நிற்கிறது.

நாற்றை ஒவ்வொன்றாக நடாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு குத்தாக வைப்போம் இல்லையா, தலையிலும் முடி இயற்கையாகவே குத்தாகத்தான் முளைக்கிறது. ஒரே துளையிலிருந்து ஒன்று முதல் நான்கு முடி வரை வரும். அந்தக் குத்தை அப்படியே வேரோடு எடுத்தால் அதற்குப் பெயர் கிராஃப்ட். '3000 கிராஃப்ட்' என்று விளம்பரத்தில் பார்த்தால் 3000 முடி என்று நினைத்துவிடாதீர்கள். குத்துக்குச் சராசரியாக இரண்டு முடி என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 6000 முடி.

இதுவரை நெல்லும் முடியும் ஒன்று. இரண்டு இடத்தில் வேறுபடும், குழப்பமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. நட்ட நெல் தூர் கட்டும், ஒன்று பத்தாகும். முடி தூர் கட்டாது. ஒன்று வைத்தால் ஒன்றுதான், அதிலும் சில பிழைக்காது. இன்னொன்று, நாற்றங்காலில் மறுபடி விதைக்கலாம். பிடரியில் முடியாது. எடுத்த இடம் எடுத்ததுதான், அங்கே திரும்ப முளைக்காது.

ஆக, முடி நடவு என்பது புது முடியை உண்டாக்குவது அல்ல, இருப்பதை இடம் மாற்றுவது. கையிருப்பு அளவுக்கு உட்பட்டது. ப்ரிவியூ படம் இந்தக் கையிருப்பைத் தாண்டினால், அழகாக இருந்தாலும் அது பொய்.

## கையிருப்பு எவ்வளவு, பரப்பு எவ்வளவு

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 36. முன்நெற்றி நன்றாக ஏறிவிட்டது, உச்சியில் சுழி இருக்கும் இடமும் வட்டமாகத் திறந்துவிட்டது, இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலம் போலக் கொஞ்சம் முடி. வழுக்கையைப் படிப்படியாகப் பிரிக்கும் நார்வுட் அளவுகோலில் இது ஏறத்தாழ ஐந்தாம் படி.

டாக்டர் டோனர் பகுதியில் ஒரு சிறிய லென்ஸை வைத்துப் பார்த்து எண்ணுகிறார்: ஒரு சதுர சென்டிமீட்டரில் 70 குத்து, குத்துக்குச் சராசரி 1.9 முடி. பாதுகாப்பாக எடுக்கக்கூடிய பட்டை இவருக்கு 200 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 14,000 குத்து. எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் பின்தலை அந்துப்பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடும். அப்படியானால் இவருடைய வாழ்நாள் கையிருப்பு சுமார் 4600 கிராஃப்ட். இது ஒரே நாளில் எடுப்பதல்ல, ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான்.

இப்போது வயலை அளப்போம். முன்பகுதி 50, நடுப்பகுதி 40, சுழிப்பகுதி 55. கூட்டினால் 145 சதுர சென்டிமீட்டர். அவர் கொண்டு வந்த படத்தில் மூன்று பகுதியும் பிடரி அளவுக்கே அடர்ந்திருந்தன. 145 ஐ 70 ஆல் பெருக்கினால் 10,150 கிராஃப்ட். அவரிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் படத்தை வரைந்த ஆப்புக்கு அவருடைய பிடரியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, கேட்கவும் இல்லை.

டாக்டர் போட்ட திட்டம் வேறு. இந்த முறை 2800 கிராஃப்ட். முன்பகுதிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் 2000. நடுப்பகுதியில் இருக்கும் முடிகளுக்கு இடையே 20 வீதம் 800. சுழிக்கு இப்போது ஒன்றும் இல்லை. மீதி 1800 கிராஃப்ட் பின்னாளுக்கு. இப்போது நிற்கும் அந்த நடுப்பாலம் இன்னும் சில ஆண்டுகளில் கரையலாம், அதற்கு இருப்பு வேண்டும்.

சுழியை ஏன் விட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சுழி ஒரு பள்ளம் மாதிரி கிராஃப்டை விழுங்கும். அங்கே முடி எல்லாத் திசையிலும் சுற்றிப் போவதால் ஒன்றன்மேல் ஒன்று படியாது, அதனால் அதே எண்ணிக்கைக்கு மறைப்பு குறைவு. அது போதாதென்று, வழுக்கை வளர வளர அந்த வட்டமும் விரிந்துகொண்டே போகும். நட்ட தீவு நடுவில் நிற்க, சுற்றிலும் வெறும் வளையம் விழுந்த தலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

## பாதி இருந்தால் எப்படிப் போதும்?

பிடரியில் 70, நடுவது 40 என்றால் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். அதிலும் பத்தில் ஒன்று பிழைக்காது என்று வைத்தால் நிற்பது 36. 'பாதி முடிக்கா இவ்வளவு செலவு?' என்று தோன்றும்.

தென்னங்கீற்றுக் கூரையை நினைத்துப் பாருங்கள். கீற்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படிவதால்தான் உள்ளே வானம் தெரிவதில்லை. முடியும் அப்படித்தான். வேர்கள் தள்ளித் தள்ளி இருந்தாலும், முடி நீண்டு சாய்ந்து ஒன்றை ஒன்று மூடும்போது தோல் மறைகிறது. முடி கொட்டும்போதும் இதேதான் நடக்கிறது: ஏறத்தாழ பாதி போன பிறகுதான் நம் கண்ணுக்கே சொட்டை தெரிய ஆரம்பிக்கிறது. பாதி அடர்த்தி என்பது கண் ஏமாறத் தொடங்கும் எல்லைக்கோடு. சர்ஜன் அந்தக் கோட்டின் மேல்தான் வேலை செய்கிறார்.

எல்லைக்கோட்டில் நிற்பது என்றால் சில நேரம் கோட்டுக்கு அந்தப் பக்கமும் விழும். தலை நனைந்து முடி கற்றையாகச் சேர்ந்தால் தோல் தெரியும். தலைக்கு நேர் மேலே டியூப்லைட் இருந்தால் தெரியும். குட்டையாக வெட்டினால் தெரியும். முடியின் பருமனும் ஒரு காரணம்: 80 மைக்ரான் முடியும் 60 மைக்ரான் முடியும் எண்ணிக்கையில் சமமாக இருந்தாலும், தடித்தது கிட்டத்தட்ட 1.8 மடங்கு கனம் தரும். கறுப்பு முடிக்குக் கீழே வெளுத்த தோல் இருந்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும், மாநிறத் தோலில் அவ்வளவு தெரியாது. நம்மூர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் லாபம்தான்.

சுருக்கமாக, நட்ட இடம் அடர்ந்த காடு அல்ல, அடர்த்தி போலத் தோன்றும் தோப்பு. நேர்மையான படத்தில் ஆங்காங்கே தோல் தெரிந்தாக வேண்டும்.

## முடிக்கோடு எங்கே நிற்க வேண்டும்

முடி தொடங்கும் விளிம்பை ஹேர்லைன் என்கிறார்கள், நான் முடிக்கோடு என்று எழுதுகிறேன். பொட்டு வைக்கும் இடத்திலிருந்து நேர் மேலே அளந்தால், வளர்ந்த ஆண்களுக்கு இது பொதுவாக 7 முதல் 9 சென்டிமீட்டருக்குள் வைக்கப்படுகிறது. ஏறத்தாழ நான்கு விரற்கடை. கல்லூரிக் காலத்தில் 6 சென்டிமீட்டரில் இருந்திருக்கலாம். அதைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லித்தான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள்.

நம்மவருக்கு டாக்டர் 8 என்று குறித்தார். அவர் 6.5 கேட்டார். ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். நெற்றியின் குறுக்கே அந்தப் பட்டை 14 சென்டிமீட்டர் அகலம். 1.5 ஐ 14 ஆல் பெருக்கினால் 21 சதுர சென்டிமீட்டர். அதை 40 ஆல் பெருக்கினால் 840 கிராஃப்ட். நடுப்பகுதி முழுவதற்கும் ஒதுக்கியது 800தான் என்பதை நினைவில் வையுங்கள். கோட்டை ஒன்றரை சென்டிமீட்டர் இறக்க, நடுமண்டையையே விலையாகக் கொடுக்க வேண்டும்.

பக்கவாட்டு மூலைகளும் முக்கியம். நெற்றிப்பொட்டுக்கு மேலே முடி பின்வாங்கி ஒரு கோணம் இருக்கும் இல்லையா, வளர்ந்த ஆணின் முகத்தில் அது இயல்பு. கண்ணின் வெளிமுனையிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோணம் சுமாராக அங்கே வர வேண்டும். அதை அடைத்து வளைத்துவிட்டால் முப்பது வயதில் ஏதோ அழகாகத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் முகம் தளர்ந்து, பின்னால் முடி குறைந்து, முன்னால் மட்டும் பையனுடைய நெற்றி இருக்கும். ஒருமுறை நட்டதை இறக்கலாம், ஏற்றுவது பெரும்பாடு.

கோடு நேராகவும் இருக்கக் கூடாது. கண்ணாடியில் உங்கள் முன்முடியை உற்றுப் பாருங்கள், அது வேலி அல்ல, கடற்கரை. உள்ளே வெளியே போய் வரும். முதல் இரண்டு மூன்று வரிசையில் ஒற்றை முடிகளாகத்தான் இருக்கும், கொஞ்சம் உள்ளே போன பிறகே இரட்டையும் மூன்றும். நல்ல சர்ஜன் அதையேதான் நடுகிறார். படம் வரைபவரும் அதையேதான் வரைய வேண்டும்.

## படம் வரையும் வேலை

முதலில் புகைப்படம். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, தலையைக் குனிந்து உச்சி, பின்தலை. ஒரே வெளிச்சம், ஒரே தூரம், முடி காய்ந்திருக்க வேண்டும், முடியை மறைக்கும் பவுடர் எதுவும் கூடாது. ஒவ்வொரு படத்திலும் சென்டிமீட்டர் குறித்த ஒரு சின்ன ஸ்டிக்கரை நெற்றியிலோ உச்சியிலோ ஒட்டிவிடுவேன். தலை உருண்டை என்பதால் ஒரு படத்தின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது, அதனால் உச்சிக்குத் தனி ஸ்டிக்கர்.

ஸ்டிக்கரை வைத்துப் படத்தில் 1 சென்டிமீட்டர் எத்தனை பிக்சல் என்று பார்க்கிறேன். நம்மவர் படத்தில் 50. அவர் முடியின் பருமன் 70 மைக்ரான், அதாவது 0.007 சென்டிமீட்டர். 50 ஆல் பெருக்கினால் 0.35 பிக்சல். ஒரு முடி ஒரு பிக்சல் அகலம்கூட இல்லை! எனவே ஒரு பிக்சல் பிரஷ்ஷை 35 சதவீத அழுத்தத்தில் வைத்து இழுத்தால்தான் அது ஒரு முடி.

நான் முன்பு செய்த தப்பு இங்கேதான் இருந்தது. மூன்று பிக்சல் பிரஷ், முழுக் கறுப்பு. மூன்றை 0.35 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு இழுப்பிலும் எட்டு முடிக்கு மேல் நட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் பொய் சொல்ல இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. பிழைத்து நிற்கும் 36 குத்தை 1.9 ஆல் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 68 முடி. முன்பகுதி முழுவதற்கும் சுமார் 3400 இழுப்பு. அவ்வளவையும் கையால் இழுக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. நோயாளியின் தலையிலேயே எங்காவது முடி மெலிந்து, எண்ணிப் பார்த்தால் 36 குத்து வரும் ஓர் இடம் இருக்கும், பெரும்பாலும் வழுக்கையின் ஓரத்தில். அந்த இடத்தைப் படமெடுத்து, அதையே முன்பகுதிக்குத் துணி ஒட்டுப் போடுவது போல, முடி சாயும் திசையைத் திருப்பித் திருப்பி ஒட்டுகிறேன். அவருடைய முடி, அவருடைய தோல், அவருக்குக் கிடைக்கப்போகும் அடர்த்தி. கற்பனைக்கு இடமே இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே முடியே மெலிந்து சன்னமாகிப் போயிருந்தால் படம் உண்மையைவிட மோசமாக வரும். அப்போது கையால் வரைந்த ஒரு சதுர சென்டிமீட்டர் மாதிரியை வைத்து ஒப்பிட்டுத் திருத்துவேன். முன்விளிம்பின் அரை சென்டிமீட்டரை மட்டும் எப்போதும் கையால்தான் வரைகிறேன், ஒற்றை முடி ஒற்றை முடியாக.

நடுப்பகுதிதான் தலைவலி. அங்கே 800 சேர்கிறது, ஆனால் இருப்பது குறையலாம். இருப்பது அப்படியே நிற்கும் என்று வரைவதா, போய்விடும் என்று வரைவதா? இரண்டையும் வரைகிறேன். கொட்டுவதைத் தடுக்க மருந்து எடுத்துக்கொண்டு முடி நின்றால் ஒரு படம், பாலம் கரைந்தால் இன்னொரு படம். இரண்டாவதைப் பார்த்துத்தான் பலர் டாக்டரிடம் மருந்தைப் பற்றியே முதல் முறையாகக் கேட்கிறார்கள்.

காலமும் படத்தில் இருக்க வேண்டும். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும், வேர் மட்டும் உள்ளே நிற்கும். மூன்றாவது நான்காவது மாதத்தில்தான் புது முடி எட்டிப் பார்க்கும். முழு விளைவுக்கு ஒரு வருடம், சில இடங்களுக்கு அதற்கும் மேல். அதனால் இரண்டாம் மாதப் படம் ஒன்றும் கொடுக்கிறேன். அது வரைய ரொம்பச் சுலபம்: கிட்டத்தட்ட இன்றைய படமேதான், கொஞ்சம் சிவந்த தோலோடு.

## யாராவது படம் காட்டினால் எப்படிப் பார்ப்பது

நீங்கள் படத்தைப் பார்க்கும் பக்கம் இருந்தால், முதலில் 'எத்தனை கிராஃப்ட், எத்தனை சதுர சென்டிமீட்டர்?' என்று கேளுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 30 முதல் 45 வரை வந்தால் அது நடக்கக்கூடிய பேச்சு. வகுத்தால் 20 வருகிறது, படத்திலோ தோலே தெரியவில்லை என்றால் படமும் கணக்கும் வேறு வேறு ஆட்களுடையவை.

அப்புறம் உச்சிப் படத்தைக் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் தருபவர்கள் சுழியைப் பற்றிப் பேச விரும்பவில்லை. பின்தலைப் படத்தையும் கேளுங்கள். 2800 குத்து அங்கிருந்துதான் போகிறது, 14,000 இருந்த இடத்தில் 11,200 தான் நிற்கும், ஐந்தில் ஒன்று குறையும். நான் வரையும் பின்தலைப் படத்தில் அந்த மெலிவும், குட்டையாக வெட்டினால் தெரியும் வெளிறிய புள்ளிகளும் இருக்கும். 'முன்', 'பின்' படங்களின் வெளிச்சத்தையும் பாருங்கள். முதல் படத்தில் மேலிருந்து பளீர் விளக்கு, இரண்டாவதில் ஜன்னலோர மென்வெளிச்சம் என்றால், பாதி வேலையை விளக்கே செய்துவிட்டது.

நம் 36 வயதுக்காரருக்குக் கொடுத்த தாளில் ஆறு படங்கள் இருந்தன, அதில் ஒன்று தலை நனைந்த நிலையில். கீழே இப்படி அச்சிட்டிருந்தோம்: 'கிராஃப்ட் 2800. முன்பகுதி சதுர சென்டிமீட்டருக்கு 40, பத்தில் ஒன்று பிழைக்காது என்று கொண்டு வரையப்பட்டது. முடிக்கோடு 8 செ.மீ. சுழியில் நடவு இல்லை. மீதி இருப்பு சுமார் 1800.' அவர் நனைந்த தலைப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இது கொஞ்சம் கம்மியாத் தெரியுதே சார்" என்றார். "ஆமா, ஈரத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர். ஒரு வாரம் யோசித்துவிட்டு வருகிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து மனைவியோடு வந்தார். இந்த முறை கையில் அந்த ஆப் படம் இல்லை. அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மீதி 1800ஐ எப்ப எடுக்க வேண்டி வரும்?"